மேல்மூடி ஃபிரீசரும் நானும்: காய்ந்த கறி எது, கெட்ட கறி எது?

பினாங்கில் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் மேல்தட்டு ஃபிரீசரும் உண்டு, பின்கட்டில் தனியாக மேல்மூடி ஃபிரீசரும் உண்டு. பெரியது சுமார் 200 லிட்டர். இரண்டையும் பல வருடங்களாகப் பயன்படுத்தியதில், அதே கறி, அதே பை, அதே நாளில் வைத்தாலும் ஒன்றில் சீக்கிரம் வெளுத்துக் காய்ந்துவிடுகிறது, இன்னொன்றில் நன்றாகவே இருக்கிறது. பார்த்தவர்கள் அதைக் "கெட்டுப்போச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது கெட்டுப்போனதே இல்லை. ஆனால் சில நேரம் உண்மையிலேயே கெட்டிருக்கும். அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் எனக்கு இந்த ஃபிரீசர் அனுபவத்தில் மிகவும் உதவிய விஷயம்.

முதலில் ஏன் காய்கிறது என்று பார்ப்போம். உறைந்த இறைச்சிக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கிறது. சுற்றியுள்ள காற்று வறண்டு இருந்தால் அந்தப் பனி உருகாமலே நேராக ஆவியாகிப் போய்விடும். வெயிலில் வற்றல் காய்வதைப் போலத்தான், இங்கே குளிரில் காய்கிறது. தண்ணீர் போன இடத்தில் சதை பஞ்சுபோலப் பொத்தல் பொத்தலாகி, வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ மாறும். இதைத்தான் ஃபிரீசர் பர்ன் என்கிறார்கள். கிருமிக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம், பனி பிடிக்காத வகை ஃபிரிட்ஜ் அவ்வப்போது தன் குளிர்க்குழாயைச் சூடாக்கிப் பனியைக் கரைத்துக்கொள்கிறது. மின்விசிறி வேறு வறண்ட காற்றை உள்ளே சுழற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்காகக் கதவைத் திறந்து திறந்து மூடுவதால் குளிர் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் இறைச்சியிலிருந்து கொஞ்சம் ஈரம் வெளியேறிப் பையின் உட்புறத்தில் பனித்தூளாக ஒட்டிக்கொள்ளும். மேல்மூடி ஃபிரீசரில் குளிர்ந்த காற்று கனமாக அடியிலேயே தங்கிவிடும், மூடியைத் திறந்தாலும் கொட்டிப் போகாது. உள்ளே ஒரு சிறிய வெப்பமானி போட்டு வைத்திருக்கிறேன். அது -18 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வாங்குபவர்கள் அந்த வெப்பமானியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், திருகு குமிழில் போட்டிருக்கும் எண்கள் டிகிரி அல்ல.

-18 டிகிரி நிலையாக இருந்தால் உணவு எத்தனை மாதமானாலும் பாதுகாப்பாகவே இருக்கும். நாம் சொல்லும் மாதக் கணக்கெல்லாம் ருசிக்கான கணக்கு. ஒன்றை மறக்கக் கூடாது: குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. உள்ளே போகும்போது எந்த நிலையில் போனதோ, வெளியே வரும்போதும் அதே நிலையில்தான் வரும்.

துண்டு போட்ட கோழியை 9 மாதம் வரை வைக்கலாம், ஆட்டிறைச்சித் துண்டுகளை 6 முதல் 9 மாதம். கொத்துக்கறிக்கு 3, 4 மாதம் போதும், அரைத்ததில் காற்றுப் படும் பரப்பு அதிகம். தெங்கிரி மாதிரி கொழுப்புள்ள மீனை நான் 2 மாதத்துக்குமேல் வைப்பதில்லை. இவையெல்லாம் நன்றாகக் கட்டி வைத்தால் மட்டுமே. சந்தைக் கடையில் கொடுக்கும் மெல்லிய பையோடு அப்படியே உள்ளே தள்ளினால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

கட்டுவதற்கு வெற்றிட இயந்திரம் தேவையே இல்லை. அரைக்கிலோ கறியை ஜிப் பையில் தட்டையாகப் பரப்பி, ஜிப்பை ஒரு விரல் அளவு திறந்து விட்டு, வாய் மட்டும் வெளியே இருக்கும்படி ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். தண்ணீர் நாலு பக்கமும் அமுக்கிக் காற்றை வெளியே தள்ளிவிடும். அப்படியே ஜிப்பை இழுத்து மூடிவிடலாம். பை கறியோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். தட்டையாக இருப்பதால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உறைந்தால் பனித்துகள் சிறியதாக உருவாகும், சதை கிழியாது. கரையும்போது ஒழுகும் சிவப்புத் தண்ணீரும் குறையும்.

சமீபத்தில் என் தங்கை தன் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டிலிருந்து இரண்டு பை ஆட்டுக்கறியை எடுத்துக்கொண்டு வந்தாள். தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சம். "அக்கா, பாரு, வெள்ளை வெள்ளையா இருக்கு. தூக்கிப் போட்டுடவா?" என்றாள்.

உறைந்த நிலையில் கண்ணால்தான் பார்க்க முடியும், மூக்குக்கு வேலை இல்லை. முதல் பையில் துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே இருந்தன. பையில் காற்று இருந்த பக்கம் மட்டும் இரண்டு மூன்று துண்டுகளின் ஓரம் வெளுத்திருந்தது. உள்ளே பனித்தூள் வெள்ளையாக இருந்தது. இரண்டாவது பையில் வெளுப்பு அவ்வளவாக இல்லை, பார்க்க இதுதான் நல்லதாகத் தெரிந்தது. ஆனால் துண்டுகள் எல்லாம் ஒரே பாளமாக ஒட்டியிருந்தன. பையின் அடியில் சிவப்பு நிறத்தில் ஒரு பனித்தகடு, பையின் மடிப்புக்குள் எல்லாம் புகுந்து உறைந்திருந்தது. கறித்தண்ணீர் ஒருமுறை முழுக்க ஒழுகிக் கீழே தேங்கி மறுபடி உறைந்தால்தான் அப்படி இருக்கும். "உங்க வீட்ல கரண்ட் போச்சா?" என்று கேட்டேன். கட்டடத்தில் பராமரிப்பு வேலைக்காக ஒரு நாள் மின்சாரம் இல்லை என்றும், அன்று வீட்டில் யாரும் இல்லை என்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது அவளுக்கு. இரண்டாவது பை கதவை ஒட்டி இருந்ததாம், முதல் பை உள்ளே ஐஸ் தட்டுக்கு அடியில்.

இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு இரவு கரையவிட்டோம். மேசைமேல் வைத்துக் கரைக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் நடுப்பகுதி கரைவதற்குள் மேல்பகுதியில் கிருமி பெருக ஆரம்பித்துவிடும். மறுநாள் முதல் பையைத் தொட்டுப் பார்த்தால் வெளுத்த இடம் மட்டும் உலர்ந்த தோல்மாதிரி இருந்தது, மற்ற இடம் சாதாரணக் கறி. வழுவழுப்பு இல்லை, கறி வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை. காய்ந்த ஓரத்தைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பாக வைத்தோம். பிரட்டலுக்கு அது சரிப்படாது, இன்னும் காய்ந்துபோகும். இரண்டாவது பை திறந்ததுமே புளித்த வாடை அடித்தது. விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது, அலசினாலும் போகவில்லை. அதை முழுசாகவே எறிந்தோம்.

இப்படிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். காய்ந்தது திட்டுத்திட்டாக, காற்றுப் பட்ட இடத்தில் மட்டும், வறண்டு இருக்கும். கெட்டது எல்லா இடத்திலும், ஈரமாக, வழுவழுப்பாக, வாடையோடு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு: கொழுப்பு மஞ்சளாகிப் பழைய எண்ணெய் வாடை அடிப்பது. கொழுப்பு குளிரிலும் மெதுவாகக் காற்றோடு சேர்ந்து கசந்துபோகும். எத்தனை மசாலா போட்டாலும் அந்தச் சுவை மறையாது, நான் எறிந்துவிடுவேன்.

ஆனால் மூக்கை முழுசாக நம்பவும் கூடாது. நோய் உண்டாக்கும் கிருமிகள் பலவற்றுக்கு வாடையே கிடையாது. அதனால் கரைந்து 4 டிகிரிக்குமேல் 2 மணி நேரம் தாண்டியது என்று தெரிந்தால், வாசனை நன்றாக இருந்தாலும் வேண்டாம். உள்ளே இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், கொஞ்சம் ருசி குறையும், அவ்வளவுதான். நாம் வீட்டில் இல்லாதபோது என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வழி: ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு 20 சென் காசை வையுங்கள். திரும்பி வரும்போது காசு கப்பின் அடியில் உறைந்து கிடந்தால் எல்லாம் கரைந்து மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். தெங்கிரி, கெம்போங் மீனில் இன்னொரு கவனம். பிடித்தபின் சரியாக ஐஸில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், உறைய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. நம்பிக்கையான கடைதான் அதற்குத் தீர்வு.

சமைத்த உணவுக்கு 2, 3 மாதம். இதில் ஆபத்து ஃபிரீசருக்குள் இல்லை, அதற்கு முன்னால் அடுப்பு மேடையில் இருக்கிறது. பெரிய சட்டியில் வைத்த குழம்பு நம் சமையலறையில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், கொதியில் சாகாத கிருமி வித்துகள் அந்த நேரத்தில்தான் முளைக்கின்றன. அகலமான தட்டில் ஊற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிண்டி ஆறவிட்டால் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். குழம்பில் உருளைக்கிழங்கு போடாதீர்கள், உறைந்து கரைந்தால் மணல்மணலாகிவிடும். தேங்காய்ப்பால் திரிந்ததுபோலப் பிரிந்து நிற்கும், அது கெட்டதல்ல, சிறு தீயில் கிண்டினால் ஓரளவு சேர்ந்துவிடும்.

மாவு விஷயம் சுருக்கமானது. சப்பாத்தி மாவைத் தட்டையாக்கி எண்ணெய் தடவி வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். சாம்பல் நிறமாவது காற்றால், பயப்பட வேண்டாம். ஓரம் வெள்ளையாகக் காய்ந்து தேய்க்கும்போது விரிசல் விட்டால் அந்த ஓரத்தை மட்டும் கிள்ளி எறியலாம். இளஞ்சிவப்புப் புள்ளியோ கெட்ட புளிப்பு வாடையோ இருந்தால் மொத்தமும் குப்பைக்கு. தோசை மாவு உறைந்து கரைந்தபின் தோசைக்குச் சரி, இட்லி தட்டையாகத்தான் வரும். ஈஸ்ட் போட்ட பன் மாவையும் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், பனித்துகள் ஈஸ்ட்டைக் கொன்றுகொண்டே போகும்.

மேல்மூடி ஃபிரீசரின் குறை என்று கேட்டால், அடியில் போனது மறந்துபோகும், எடுக்கக் குனிய வேண்டும். முதுகுவலி உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நம் ஊர் ஈரக்காற்றில் மூடி ஓரத்தில் பனி சீக்கிரம் பிடிக்கும், அரை சென்டிமீட்டர் ஆனதும் நிறுத்திக் கரைக்க வேண்டும். சாமான்களை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு, உள்ளே ஒரு சட்டி சுடுதண்ணீர் வைத்து மூடினால் பனி தானாகக் கழன்று வரும். கத்தியால் சுரண்டாதீர்கள், சுவருக்குள்ளேயே குளிர்க்குழாய் ஓடுகிறது, ஒரு ஓட்டை விழுந்தால் பெட்டியே போச்சு.