ஹெல்மெட்டுக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிப்பது எது? முதல் நேர்காணலுக்கு முன் ஓர் ஒப்பீடு

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வீடு. பட்டப்படிப்பு இப்போதுதான் முடிந்திருக்கிறது. வியாழக்கிழமை காலை 10 மணிக்கு ஈப்போவில் நேர்காணல். மோட்டாரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓட்டம், அதில் முதல் கொஞ்ச தூரம் தோட்டத்து மண்சாலை. நேர்காணலுக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல்கள் பெரும்பாலும் காரிலிருந்து இறங்கி நேரே ஏர்கோன் அறைக்குள் நுழைகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஹெல்மெட்டுக்குள் ஒரு மணி நேரம் வியர்த்த பிறகும் எது நிற்கும், எது கெடும் என்று அவை சொல்வதில்லை. இங்கே ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் கணக்கில்தான் பார்க்கிறோம்.

முகம்: பிளேடா, டிரிம்மரா?

ஆண்கள் பலர் சறுக்குவது இங்கேதான். நேர்காணல் அன்று காலையில் புதிதாக வாங்கிய மூன்று அல்லது ஐந்து பிளேடு ரேசரால் வழவழவென்று வழித்துவிட்டுப் போனால் நல்லது என்று நினைப்பார்கள். முடி நேராக வளர்கிறவருக்கு அது சரி. நம்மவர்களில் பலருக்குத் தாடி சுருண்டு வளரும். பல பிளேடு ரேசரில் முன்னால் போகும் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, பின்னால் வருவது வெட்டும். வெட்டிய நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. சுருண்ட முடி மறுபடி வளரும்போது அந்தக் கூர் நுனி தோலையே குத்தி உள்ளே நுழையும். கழுத்திலும் தாடைக்கு அடியிலும் சிவந்த சிறு கட்டிகள் வருவது அதனால்தான். கட்டி சில நாளில் அமுங்கினாலும் மாநிறத் தோலில் அதன் கருந்தடம் வாரக்கணக்கில் நிற்கும்.

டிரிம்மர் தோல்வரை வெட்டாது. சீப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக முடி மிச்சம் இருக்கும். மிக அருகில் வந்து பார்த்தால் ஒரு நிழல் தெரியும், அவ்வளவுதான். கட்டி வராது, இரத்தம் வராது, நேர்காணல் காலையிலேயே செய்யலாம். கழுத்தில் ஏற்கெனவே கட்டி வந்த அனுபவம் உள்ளவருக்கு டிரிம்மர்தான், இதில் இரண்டாவது யோசனை வேண்டாம்.

பிளேடுதான் வேண்டும் என்றால் புதன் இரவே முடித்துவிடுங்கள். குளித்து வந்த சூட்டில் முடி மிருதுவாக இருக்கும்போது, ஒற்றை அல்லது இரட்டை பிளேடால், முடி வளரும் திசையிலேயே வழியுங்கள். தோலை விரலால் இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்தால் முடி இன்னும் கீழே வெட்டுப்படும். ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் பிளேடு போகக் கூடாது. கீறிவிட்டால் ஈரப் படிகாரத்தை அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும்.

தாடி வைத்துக்கொள்வதா எடுப்பதா என்பது தனிக் கேள்வி. ஏழெட்டு மில்லிமீட்டரில் ஒரே அளவாக, கழுத்துக் கோடு தெளிவாக வெட்டிய தாடியைப் பெரும்பாலான அலுவலகங்கள் கண்டுகொள்வதில்லை. மூன்று நாள் மழிக்காமல் விட்ட தாடியைத்தான் கவனிப்பார்கள். உணவு ஆலை, ஹோட்டல் போன்ற இடங்களில் சுகாதார விதியே இருக்கும். அங்கே போகிறவர் எடுத்துவிடுவது நல்லது.

பெண்களுக்கு இதே கேள்வி திரெடிங்கில் வருகிறது. புருவமும் மேலுதடும் திரெடிங் செய்தால் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் சிவந்திருக்கும், சிறு பருக்களும் வரலாம். ஆகவே வியாழன் நேர்காணலுக்குத் திங்களே செய்வது சரி. இதுவரை போடாத ஃபேஷியலையோ பிளீச்சையோ அந்த வாரத்தில் முதன்முறையாக முயல வேண்டாம். மஞ்சள் பூசும் பழக்கம் இருந்தால் அதையும் செவ்வாயோடு நிறுத்துங்கள். தோலில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வியர்வையோடு இறங்கிக் கழுத்துப்பட்டியில் பிடிக்கும். கறையைப் போக்க சோப்பைத் தேய்த்தால் அது செந்நிறமாகி இன்னும் பளிச்சென்று தெரியும்.

தலைமுடி: எண்ணெயா, ஜெல்லா, பொமேடா?

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில், அதுவும் ஹெல்மெட்டுக்குள், அது நெற்றிக்கும் சட்டைக் கழுத்துக்கும் வந்து சேரும். தலைக்கு எண்ணெய் வைப்பதைப் புதன் மாலைக் குளியலுக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். ஜெல் காய்ந்து இறுகும். ஹெல்மெட்டைக் கழற்றும்போது அந்த இறுக்கம் உடைந்து வெள்ளைச் செதிளாகத் தோளில் விழும், பார்க்கிறவருக்குப் பொடுகு போலத் தெரியும். தண்ணீரில் கரையும் பொமேடு இந்த மூன்றில் மேல். ஆனால் அதையும் வீட்டில் போட வேண்டாம். வெறும் காய்ந்த தலையோடு கிளம்பி, ஈப்போவில் இறங்கிய பிறகு முடியை லேசாக நனைத்து, வேர்க்கடலை அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்துத் தடவிச் சீவினால் போதும். ஹெல்மெட் அமுக்கிய முடி தண்ணீர் பட்டால்தான் எழும்பும், பொமேடு மட்டும் அதைச் செய்யாது.

முடி வெட்டுவது நான்கைந்து நாள் முன்னால். முதல் நாள் வெட்டினால் காதோரம் வெயில் படாத தோல் வெளுப்பாகத் தெரியும். வெட்டு கோணலாகப் போனாலும் திருத்த நாள் இருக்காது. நீண்ட கூந்தலுக்குத் தாழ்வான பின்னல் அல்லது பிடரிக்கு மேல் கட்டிய சின்னக் கொண்டை. உயரக் கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, அது பாதுகாப்புக்கும் ஆகாது.

பல்: ஸ்கேலிங்கா, வெண்மையாக்குதலா?

பணத்தை வீணாக்கும் இடம் இது. பல் மஞ்சளாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் உண்டு. தேத்தண்ணி, சிகரெட், வெற்றிலை ஏற்றிய மேற்கறை ஒன்று, பல்லின் இயல்பான நிறம் மற்றொன்று. மேற்கறையும் ஈறோரம் படிந்து கல்லான அழுக்கும் ஸ்கேலிங்கிலும் பாலிஷிலும் போய்விடும். வெண்மையாக்கும் மருந்து பல்லின் நிறத்தைத்தான் வெளுக்கும், படிந்த கல்லை அது தொடாது. முன்பல்லில் அடைப்போ உறையோ இருந்தால் அது வெளுக்காமல் அப்படியே நிற்கும், பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் நிறம் ஒட்டாது. போதாக்குறைக்குச் சில நாள் பல் கூசும். கரித்தூள் பற்பொடி கறையோடு எனாமலையும் தேய்த்துவிடும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

ஆகவே ஸ்கேலிங். தனியார் கிளினிக்கில் ஏறக்குறைய 80 முதல் 150 வெள்ளி ஆகும். அரசாங்கப் பல் கிளினிக்கில் மிகக் குறைவு, ஆனால் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கும்போதே தேதி வாங்கிவிட்டால் கவலை இல்லை. ஸ்கேலிங் முடிந்து ஓரிரு நாள் ஈறில் இரத்தம் கசியலாம், குளிர்ந்த தண்ணீர் கூசலாம். நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பு முடித்துவிடுவது அதனால்தான்.

வாய் நாற்றம் வேறு சங்கதி. பூண்டு, வெங்காயத்தின் வாடை இரத்தத்தில் கலந்து மூச்சோடு வருவதால் எத்தனை தடவை பல் துலக்கினாலும் போகாது. புதன் இரவுச் சாப்பாட்டிலிருந்தே இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பட்டினி போகாதீர்கள், காய்ந்த வாயும் நாறும். நாக்கை வழித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

சட்டை: பருத்தியா, பாலியெஸ்டரா, கலப்பா?

முழுப் பருத்தி காற்றோட்டமாக இருக்கும், ஆனால் மோட்டாரில் உட்கார்ந்து வந்தால் இடுப்பிலும் முழங்கையிலும் கசங்கும். முழுப் பாலியெஸ்டர் கசங்காது, வியர்வை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்துக் காய்ந்தபோது வாடை போனது போல இருக்கும், உடம்புச் சூடு பட்டதும் பழைய வாடை எழும். பாதிக்கு மேல் பருத்தியுள்ள கலப்புத் துணிதான் நம் வெயிலுக்குப் பொருத்தம். நிறத்தில் வெளிர்நீலத்தைத் தவிருங்கள், அக்குள் ஈரம் அதில் உடனே தெரியும். வெள்ளையில் அவ்வளவு தெரியாது.

பண்டல் கடையில் பத்து வெள்ளிக்கு நல்ல சட்டை கிடைக்கும், புதிது வாங்கினால் ஐம்பது அறுபது. பண்டல் மோசம் இல்லை, ஆனால் மூன்று இடம் பார்க்க வேண்டும். கழுத்துப்பட்டி மடிப்பு நைந்திருக்கிறதா? அக்குளில் மஞ்சள் படலம் உண்டா? தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா? பக்கவாட்டைத் தையல்காரர் சில வெள்ளிக்குப் பிடித்துத் தருவார். தோள் பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதைத் திருத்தும் கூலிக்குப் புதுச் சட்டையே வாங்கலாம். மேல் பட்டனைப் போட்டால் கழுத்துக்கும் பட்டிக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்த பிறகு அக்குள் பகுதியில் சூடான இஸ்திரியை வைத்து, எழும் ஆவியை முகர்ந்து பாருங்கள். பழைய வாடை அதிலும் வந்தால் அந்தச் சட்டை நேர்காணலுக்கு வேண்டாம்.

பெண்களுக்கு பாஜு கூரோங், பஞ்சாபி உடை, பிளவுஸும் முழுக்கால் சிலுவாரும் மூன்றுமே ஏற்றவை. அழைப்புக் கடிதத்தில் உடையைக் குறிப்பிட்டிருந்தால் அதன்படியே போங்கள். எதுவும் சொல்லாவிட்டால் எங்கள் தேர்வு பிளவுஸும் சிலுவாரும். பாஜு கூரோங் பாவாடையோ துப்பட்டாவோ மோட்டார்ச் சங்கிலியில் சிக்கினால் ஆபத்து. அவற்றைத்தான் உடுத்துவது என்றால் பையில் எடுத்துப்போய் இறங்கிய இடத்தில் மாற்றுங்கள்.

காலணியில் ஒரே எச்சரிக்கை. பெட்டிக்குள் சில வருடம் கிடந்த கறுப்புச் சப்பாத்தின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்றால், நம் ஊர் ஈரக் காற்றில் உள்ளுக்குள்ளேயே சிதைந்திருக்கலாம். அப்படிச் சிதைந்தது வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், நடந்ததும் பொடிப்பொடியாக உதிரும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பள்ளம் அப்படியே நின்றாலோ வேறு சப்பாத்து தேடுங்கள். கெட்டியாக இருந்தாலும் செவ்வாய் மாலை அதைப் போட்டு அரை மணி நேரம் நடந்துவிடுங்கள்.

வியர்வைக்கு டியோடரண்டா, ஆன்டிபெர்ஸ்பிரண்டா? முன்னது வாடையை மட்டும் குறைக்கும், பின்னது வியர்வையையே குறைக்கும். புதன் இரவு குளித்து, அக்குள் நன்றாக உலர்ந்த பிறகு பின்னதைப் பூசுங்கள். இரவில் வியர்வை குறைவு, மருந்து படிய நேரம் கிடைக்கும். காலையில் அவசரமாகப் பூசினால் வியர்வையோடு கரைந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

இனி வியாழன் காலை. எட்டு மணிக்குக் கிளம்புங்கள், போட்டிருப்பது பழைய டி-சட்டை. இஸ்திரி போட்ட சட்டையை மடிக்காமல், உள்ளே ஒரு துண்டை வைத்துச் சுருட்டிப் பையில் மேலாக வையுங்கள், மடிப்புக் கோடு விழாது. ஒன்பது மணி வாக்கில் ஈப்போ சேர்ந்ததும் முகம், கழுத்து, அக்குளைத் துடைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். உடம்புச் சூடு தணிந்து வியர்வை நிற்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் சட்டையை மாட்டினால் முதுகில் ஈரத் திட்டு விழுந்துவிடும். சட்டைக்குள் ஒரு சிங்லெட் போடுங்கள். தலையைச் சீவுவதை கடைசிக்கு வைத்துக்கொண்டால் சட்டையில் தண்ணீர் சொட்டும், ஆகவே தலை முதலில், சட்டை பிறகு.