விடைபெறும் மின்னஞ்சல்: நீளமா, மூன்று வரியா, ஆளுக்கு ஒன்றா?

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் என் தோழி ஒன்பது வருடம் பர்ச்சேஸில் இருந்தாள். எனக்கு இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு அங்கே கடைசி நாள். புதன்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் இரண்டு வரைவுகளை அனுப்பி, "இதுல எதை அனுப்பட்டும்க்கா? இல்ல, பொதுவா ஒண்ணும் அனுப்பாம வேண்டியவங்களுக்கு மட்டும் தனித்தனியா எழுதிடட்டுமா?" என்று கேட்டாள். இரண்டையும் அவள் சொன்ன மூன்றாவது யோசனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

முதல் வரைவு நீளமானது. ஃபோனில் ஏழெட்டு முறை தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருந்தது. சேர்ந்த நாள், முதல் சம்பளம், கூட வேலை செய்தவர்களின் கல்யாணங்கள், ஊரடங்குக் காலம் என்று ஒன்பது வருடமும் அதில் இருந்தது. நடுவில் பதினான்கு பேருக்குப் பெயர் சொல்லி நன்றி. படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது, மனசிலிருந்து எழுதியிருந்தாள். ஆனாலும் இதை அனுப்ப வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஒரு காரணம் அந்தப் பதினான்கு பெயர்கள். பொது மடலில் பெயர்ப் பட்டியல் வந்தால் படிக்கிறவர் முதலில் தன் பெயரைத்தான் தேடுவார். அந்த மடல் எழுபது பேருக்குப் போகிறது. பதினான்கு பேருக்குச் சந்தோஷம் என்றால் மிச்சம் ஐம்பத்தாறு பேருக்கும் ஒரு சின்ன வருத்தம். விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தால் பதினைந்தாவது ஆள் ஞாபகத்துக்கு வருவார், அப்புறம் பதினாறாவது. அதற்கு முடிவே கிடையாது.

இன்னொரு காரணம்தான் பெரியது. இரண்டு வருடம் முன்பு அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வராமல் போனது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்றாள். உண்மைதான், வார்த்தை இல்லை. ஆனால் வாடை இருந்தது. "எத்தனையோ சோதனைகளுக்கு நடுவிலும்" என்று ஒரு இடம். "என்மேல் நம்பிக்கை வைத்த ஒரு சிலருக்கு" என்று இன்னொரு இடம். கடைசியில், "திறமைக்கு மதிப்புள்ள இடத்தைத் தேடிப் போகிறேன்."

வருத்தம் பெரும்பாலும் புகாராக வராது, நன்றி சொல்லும் வாக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். "ஒரு சிலருக்கு" என்று எழுதினால் மற்றவர்கள் நம்பவில்லை என்று அர்த்தம். "மதிப்புள்ள இடம்" என்றால் இங்கே மதிப்பு இல்லை. "இனியாவது குடும்பத்தோடு நேரம் செலவிடுவேன்" என்று நிறையப் பேர் எழுதுவார்கள், அந்த 'இனியாவது' போதும். எழுதுகிறவர் கண்ணுக்கு இவை படாது, ஏனென்றால் அவர் நன்றி சொல்கிற மனநிலையில்தான் இருக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்தும் வழி ஒன்று இருக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் இந்த மடலைப் படிப்பதாக நினைத்துக்கொள்வேன். பழைய கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. எந்த வாக்கியத்தைப் படித்து அவன் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்பானோ, அந்த வாக்கியம் வெளியே போக வேண்டும். அவளிடம் இதைச் சொன்னதும் அவளே நான்கு இடங்களை அடித்துவிட்டாள். பதவி உயர்வைப் பற்றி அவள் பேச வேண்டியது நியாயம். அதற்கு வியாழக்கிழமை ஹெச்.ஆருடன் எக்ஸிட் இன்டர்வியூ இருந்தது. அங்கே தேதியோடு, ஆதாரத்தோடு சொல்லச் சொன்னேன், சொன்னாள்.

இரண்டாவது வரைவு மூன்று வரி. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதம். இன்று என் கடைசி வேலை நாள், இந்தப் பயணம் இனிமையானது, அனைவரின் ஒத்துழைப்புக்கும் நன்றி, தொடர்பில் இருப்போம். பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒன்பது வருடம் இருந்தவரும் ஒன்பது மாதம் இருந்தவரும் இதே மூன்று வரியை அனுப்பலாம். "வாழ்த்துகள்" என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாகத் திரும்பி வரும்.

இந்த மூன்று வரிக்கும் ஒரு இடம் உண்டு. முகம் தெரியாத நானூறு பேர் இருக்கும் பட்டியலுக்கு அனுப்புகிறவருக்கு இது போதும். மனக்கசப்போடு விலகுகிறவருக்கு இதுதான் நல்லது. அன்பாக எழுத மனசு வராத நாளில் வலிந்து அன்பாக எழுதினால் அது பொய்யாகத் தெரியும். மூன்று வரி அப்போது கௌரவமான விடைபெறல். என் தோழிக்கு அந்த நிலை இல்லை. அவளுக்கு அங்கே மனிதர்கள் இருந்தார்கள்.

மூன்றாவது யோசனை, பொது மடலே இல்லாமல் ஆளுக்கு ஒன்று. மூன்றில் அன்பு அதிகம் இதில்தான். வாங்குகிறவர் பல வருடம் வைத்திருந்து படிக்கும் மடல் இப்படி எழுதியதுதான். ஆனால் பட்டியல் போட்டால் நாற்பது பேர் வந்தார்கள், கையில் இருந்தது இரண்டு நாள், அதிலும் பாதி நேரம் வேலையை ஒப்படைக்கவே போய்விடும். ஏழாவது மடலுக்குள் முதல் மடலின் வார்த்தைகளே திரும்ப வர ஆரம்பிக்கும். மடல் கிடைக்காதவர், அவள் போனதை அடுத்த வாரம் தன் மின்னஞ்சல் திரும்பி வந்தபோதுதான் தெரிந்துகொள்வார். பொது மடலுக்கு அன்பைத் தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. இனிமேல் இந்த வேலைக்கு யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும்.

சரி, கடைசியில் செய்தது இது. பொதுவாக ஒரு சின்ன மடல், ஆறு பேருக்கு மட்டும் தனி மடல். முதல் வரைவிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டோம். பெயர்கள் அத்தனையும் போயின. பொது மடல் இப்படி வந்தது:

"பொருள்: இன்று என் கடைசி நாள்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்றோடு நம் கம்பெனியில் என் வேலை முடிகிறது. ஒன்பது வருடம் முன்பு, ஜி.ஆர்.என். என்றால் என்னவென்றுகூடத் தெரியாமல் பர்ச்சேஸில் வந்து உட்கார்ந்தேன். இன்று எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் உங்களிடம் கற்றதுதான்.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், தாமிரக் கம்பி லோடு இரவு பதினொரு மணிக்கு வந்து நின்றது. வீட்டுக்குப் போயிருந்த ஸ்டோர்ஸ் ஆட்கள் திரும்பி வந்து, ஷட்டரைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் ஸ்பூல்களை எண்ணி இறக்கினார்கள். இந்த இடத்தை நினைத்தால் எனக்கு முதலில் அந்த இரவுதான் ஞாபகம் வரும்.

திங்கள்கிழமை முதல் கம்பி, காஸ்டிங் ஆர்டர்களுக்கு பர்ச்சேஸ் மேனேஜரைக் கேளுங்கள். என்னோடு பேச நினைத்தால் கீழே இருக்கும் என் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்.

எல்லோருக்கும் என் அன்பு. போய்வருகிறேன்."

ஸ்டோர்ஸை மட்டும் சொன்னால் மற்ற செக்‌ஷன்காரர்கள் வருத்தப்பட மாட்டார்களா என்று கேட்டாள். பெயர்ப் பட்டியலுக்கும் சம்பவத்துக்கும் இங்கேதான் வித்தியாசம். பட்டியலைப் படிக்கிறவர் தன்னைத் தேடுவார். சம்பவத்தைப் படிக்கிறவர் அவளோடு தனக்கு நடந்த இன்னொரு சம்பவத்தை நினைப்பார். போகும் இடத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நெருங்கியவர்கள் கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம், எழுபது பேருக்கும் அது தேவையில்லை.

மடல் தமிழில் இருக்கட்டும் என்றதும் அவள் கொஞ்சம் தயங்கினாள். அங்கே ஆர்டரும் ரிப்போர்ட்டும் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் கோயம்புத்தூர் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் தமிழில்தான் பேசுகிறார்கள். அதனால் அவர்களுக்குத் தமிழில் ஒன்று, புனே கிளைக்கு நான்கு வரியில் ஆங்கிலத்தில் தனியாக ஒன்று. சப்ளையர்களுக்கு அவளாக எதுவும் அனுப்பவில்லை. யாரை இனி அணுகுவது என்று மேனேஜரே எழுதிவிட்டார். அதுதான் முறை.

அனுப்பும் நேரத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். கடைசி நாள் மாலை வரை தள்ளிப்போடுவார்கள், அதற்குள் லாகின் மூடப்பட்டிருக்கும். அவள் மூன்று மணிக்கு லேப்டாப்பை ஐ.டி.யிடம் ஒப்படைக்க வேண்டும். பதினொரு மணிக்கு அனுப்பச் சொன்னேன். வருகிற பதில்களை அவளே படிக்கலாம், மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் நேரில் வந்து பேசவும் முடியும்.

முகவரிகளை `To` கட்டத்தில் போடாமல் `Bcc`யில் போட்டாள், `To`வில் தன் முகவரி மட்டும். `Bcc`யில் இருக்கும் ஒருவர் `Reply All` அழுத்தினாலும் பதில் அவளுக்கு மட்டும்தான் போகும். இல்லாவிட்டால் "ஆல் தி பெஸ்ட்" எழுபது பேர் பெட்டியிலும் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். மேனேஜரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தாள். அலுவலக முகவரிப் பட்டியலை மொத்தமாகத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளவும் பார்த்தாள், வேண்டாம் என்று தடுத்தேன். பல கம்பெனிகளில் அது தகவல் கசிவுக் கணக்கில் வரும். வேண்டியவர்களின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அந்த ஆறு தனி மடல்களும் மூன்று நான்கு வரிதான். ஒவ்வொன்றிலும் அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. முதல் வரைவில் வெட்டிய பெயர்களில் முக்கியமானவை இங்கே வந்து சேர்ந்தன. மின்னஞ்சல் முகவரியே இல்லாத ஷாப் ஃப்ளோர் ஆட்களிடமும் கேன்டீன் அக்காவிடமும் பத்தரை மணி டீ நேரத்தில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் பொது மடலை அனுப்பினாள்.

மூன்று மணிக்குள் முப்பதுக்கு மேல் பதில் வந்திருந்தது. வெறும் "வாழ்த்துகள்" நான்கைந்துதான். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் மின்னஞ்சலில் நீளமாக எழுதும் ஆள் கிடையாது. அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அன்னிக்கு ராத்திரி எண்ணினதுல ஒரு ஸ்பூல் குறைஞ்சுதுன்னு நீ ரெண்டு தடவை எண்ண வெச்சே. ரெண்டாவது தடவை சரியா இருந்துச்சு. நல்லா இரு அம்மணி."