நைட் ஷிஃப்ட் மணிக்கணக்கு: MOD போதுமா, தேதியும் வேண்டுமா?

12ஆம் தேதி இரவு 21:58-க்கு உள்ளே வந்தவர் மறுநாள் காலை 06:05-க்கு வெளியே போகிறார். எக்செலில் B2-வில் வந்த நேரம், C2-வில் போன நேரம். சும்மா கழித்தால் மைனஸ் 15:53 வரும். மைனஸ் நேரத்தைக் காட்டத் தெரியாமல் கட்டம் முழுக்க ##### நிற்கும். எக்செலுக்கு ஒரு நாள் என்பது 1. தேதி இல்லாத 06:05 வெறும் 0.25 சொச்சம், 21:58 கிட்டத்தட்ட 0.92. அதனால்தான் மைனஸ்.

பெரும்பாலானவர்கள் கையாளும் வழி இது:

```
=MOD(C2-B2,1)
```

விடை 8:07. சரியானதுதான். IF போட்டு ஒரு நாளைக் கூட்டுவதும் இதே வேலைதான், கொஞ்சம் நீளம், அவ்வளவே.

எனக்கு MOD மேல் முழு நம்பிக்கை கிடையாது, அது தப்பையும் சேர்த்து மறைத்துவிடும். பகல் ஷிஃப்ட் ஆள் 09:00-க்கு வந்து 18:00-க்குப் போகிறார். பதிவு செய்பவர் 06:00 என்று அடித்துவிட்டால் MOD சத்தமில்லாமல் 21 மணி நேரம் தரும். 22:00-க்கு வந்து, ஆள் மாற்ற வராததால் நாளை மறுநாள் காலை 06:00 வரை நின்ற செக்யூரிட்டிக்கு 32 மணி நேரம் சேர வேண்டும். MOD கொடுப்பது 8.

இரண்டு கட்டத்திலும் தேதியோடு நேரத்தை வைத்தால் வெறும் =C2-B2 போதும், ஃபார்மேட் மட்டும் [h]:mm. 24-ஐத் தாண்டினாலும் 32:00 என்றே காட்டும். இங்கே ##### வந்தால் யாரோ தப்பாக அடித்திருக்கிறார் என்று அர்த்தம். கையால் பதிவதானால் தேதி அடிப்பது எரிச்சல்தான். ஆனாலும் நான் இதையே எடுப்பேன்.

பயோமெட்ரிக் மிஷினில் தேதி தானாகவே இருக்கும், ஆனால் அங்கே சிக்கல் வேறு. முதல் பஞ்ச், கடைசி பஞ்ச் என்று தேதிவாரியாக எடுக்கும் ரிப்போர்ட்டில், நம்மாளுக்கு 12ஆம் தேதி ஒரே பஞ்ச்: 21:58. வேலை நேரம் பூஜ்யம். 13ஆம் தேதி காலை 06:05 'வந்தது', இரவு 21:54 'போனது'. 15:49 மணி நேரம்! அவர் தூங்கிய பகல் அது. இதற்கு MOD உதவாது, நாளை வெட்டும் இடத்தை மாற்ற வேண்டும். பஞ்ச் நேரம் A2-வில் இருந்தால்:

```
=INT(A2-TIME(12,0,0))
```

நண்பகலுக்கு முந்தைய பஞ்ச் முந்தைய தேதிக்குப் போகும். 21:58, 06:05 இரண்டும் 12ஆம் தேதிக் கணக்கில் சேரும். அப்புறம் அந்தத் தேதிக்கு MINIFS, MAXIFS போட்டுக் கழித்தால் 8:07. இதை எல்லோருக்கும் போட்டுவிடாதீர்கள். பகல் ஷிஃப்ட்காரரின் காலை 09:00 பஞ்சும் நேற்றைக்கு ஓடிவிடும்; அவர்களுக்கு வெட்டு 04:00-இல் இருக்கட்டும். காலை முடிந்தும் ஓவர்டைமில் மதியம் 14:00 வரை நிற்கும் நைட் ஷிஃப்ட்காரரை மட்டும் கையால்தான் பார்க்க வேண்டும்.