கரண்ட் போனால்தான் குளிரும் ஃப்ரிட்ஜ்

நண்பர் நேற்று போன் செய்தார். "ஃப்ரிட்ஜ்ல ஐஸே பிடிக்கல. கேஸ் போயிடுச்சுங்கிறாரு மெக்கானிக். அடிச்சிடவா?" அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் போன வருஷம் நான் இரண்டு முறை கேஸ் அடித்தேன். கொஞ்சம் பொறு என்றேன்.

எங்களுடையது ஒற்றைக் கதவு, R134a கேஸ், பத்து வயது. முதல் முறை கேஸ் அடித்தபின் மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு வினோதமாக ஒன்று. காலையில் குளிரும், மதியம் ஃப்ரீசர் சுவர் வெறுமையாகிவிடும், கம்ப்ரஸர் மட்டும் நிற்காமல் ஓடும். இரண்டு மணி நேரம் கரண்ட் போய் வந்தால் மறுபடி ஜோராகக் குளிரும். அம்மா கரண்ட் கட்டுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார்! ஆனால் லீக்காகிப் போன கேஸ் கரண்ட் கட்டில் திரும்பி வராதே? இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மறுபடி கேஸ் அடித்தேன்.

அடுத்து வந்த பெரியவர்தான் விளக்கினார். லீக்கோ, ஃப்ரீசருக்குக் கேஸ் போகும் மெல்லிய குழாயான கேப்பிலரியில் அடைப்போ, அதாவது சோக்கோ, ஓடும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பின்பக்கக் கம்பியான கண்டென்சர் வெதுவெதுப்பாகவே இருக்கும், கேஸ் அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதைப் பார்த்ததும் கேஸ் குறைவு என்று சொல்லிவிடுகிறார்கள். வித்தியாசம் தெரிவது சுவிட்சை அணைத்த பிறகு. லீக் என்றால் முள் சில நிமிஷத்திலேயே ஏறி, வழக்கமான அளவுக்குக் கீழேயே நின்றுவிடும். அடைப்பு என்றால் கேஸ் கண்டென்சர் பக்கமே மாட்டிக்கிடக்கும், முள் எழுந்திருக்காது.

எங்களுடையதில் பத்து நிமிஷம் ஆகியும் முள் அசையவில்லை. வெந்நீரில் நனைத்த துணியை, கேப்பிலரி ஃப்ரீசருக்குள் நுழையும் இடத்தில் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே "உஸ்ஸ்" என்று சத்தம், முள் மளமளவென ஏறியது. ஈரம். முதல் ஆள், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்யூமைச் சரியாகப் போடாமல், ஃபில்டரும் மாற்றாமல் கேஸ் அடித்ததில் உள்ளே போன ஈரம், கேப்பிலரி முனையில் ஐஸ் கட்டி அடைத்திருக்கிறது. அழுக்கு அடைப்பாக இருந்தால் சூட்டுக்கு இப்படி இளகியிருக்காது. பாதி அடைப்பு மட்டும் லீக் மாதிரியே நடித்து ஏமாற்றுமாம், அதற்கு நைட்ரஜன் ஏற்றி ஜாயின்ட்டுகளில் சோப்பு நுரை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். சோக்கில் மேலே மேலே கேஸ் அடித்தால் கம்ப்ரஸரும் போய்விடும்.

ஃபில்டர் மாற்றி, நைட்ரஜன் விட்டு ஊதி, ஒரு மணி நேரம் வேக்யூம் போட்டு, ஸ்டிக்கரில் போட்டிருந்த கிராம் கணக்கில் எடை பார்த்து கேஸ் ஏற்றினார். ஆறு மாசமாக ஐஸ் கல் மாதிரி பிடிக்கிறது. பத்து வருஷத்தில் கம்ப்ரஸரில் ஒரு குறை இல்லை. இருந்தும் அடுத்த முறை இதே கம்பெனி வாங்க மாட்டேன். ஃப்ரிட்ஜ் மேல் தப்பில்லைதான், ஆனால் அதைப் பார்த்தாலே இரண்டு முறை கொடுத்த பணம் ஞாபகம் வருகிறது.