எஸ்டிடி யாரக் கடிக்குது? டெலிவரி, இன்ட்ராடே, ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் நாலையும் வச்சு ஒரு கணக்கு

நாலு வருஷம் நிஃப்டி ஆப்ஷன்ஸ் ஆடிட்டு இப்ப டெலிவரிக்கு வந்துட்டேன், அதனால நான் எந்தப் பக்கம் சாய்வேன்னு முன்னாடியே சொல்லிடறேன். எஸ்டிடிங்கறது பங்கு வர்த்தகத்து மேல போடற வரி, அப்படி வரி போட்டா சூதாட்டம் குறையும்னு ஒரு வாதம் ரொம்ப நாளா இருக்கு, சரி, நாலு ரூட்லயும் அந்த வரி எவ்வளவு கடிக்குதுன்னு போட்டுப் பார்ப்போம். எல்லாக் கணக்கும் 2024 அக்டோபர் 1-லேர்ந்து 2026 மார்ச் வரைக்கும் இருந்த ரேட்ல.

பங்க வாங்கிக் கையில வச்சுக்கற டெலிவரில வாங்கும்போது 0.1%, விக்கும்போது 0.1%. ஒரு லட்சத்துக்கு 200 ரூபா, அஞ்சு வருஷம் வச்சிருந்தா வருஷத்துக்கு 40. கண்ணுக்கே தெரியாது. (2004-ல இந்த வரி வந்தப்ப, நீண்டகால லாப வரிய எடுத்துட்டு அதுக்கு பதிலாத்தான் இதுன்னாங்க. 2018-ல அந்த வரி திரும்ப வந்துடுச்சு, இது மட்டும் போகவே இல்ல.)

அன்னிக்கே வாங்கி அன்னிக்கே விக்கற இன்ட்ராடேல விக்கும்போது மட்டும் 0.025%, லட்சத்துக்கு 25 ரூபா. ரேட் கம்மிதான், ஆனா வருஷத்துக்கு ஏறக்குறைய 250 டிரேடிங் நாள், தினம் ஒரு தடவ ஆடினா 6,250 ரூபா போயிடும். ஒரு டிரேடுக்கு 100 ரூபா லாபம் பாக்கறவனுக்கு அதுல கால்வாசி வரிக்கே போகுது. இங்க அந்த வாதம் ஓரளவு நிக்குது.

இப்ப விஷயத்துக்கு வரேன். வரி எத்தன சதவீதம்ங்கறத விட எந்தத் தொகை மேல போடறாங்கங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. நிஃப்டி 24,000, ஒரு லாட்டுக்கு 75 யூனிட்னு வச்சுக்குங்க, ஒரு லாட் ஃப்யூச்சரோட முழு மதிப்பு 18 லட்சம். விக்கும்போது 0.02%, அதாவது 360 ரூபா, பாயின்ட் கணக்குல 4.8. அஞ்சு பாயின்ட் அடிச்சுட்டு ஓடலாம்னு நினைக்கறவனுக்கு ஒண்ணுமே மிஞ்சாது.

அதே நிஃப்டில 100 ரூபா பிரீமியத்துல, அதாவது ஆப்ஷனோட விலைல, ஒரு லாட்ட எடுத்து விக்கறீங்க. வரி 0.1%, கேக்க ஃப்யூச்சர விட அஞ்சு மடங்கு மாதிரி இருக்கும். ஆனா அது பிரீமியத்து மேல மட்டும், 7,500 ரூபாய்க்கு ஏழரை ரூபா. நிஃப்டி இப்ப இருக்கற விலைக்கே எடுக்கற அட் த மணி ஆப்ஷன் நிஃப்டியோட அசைவுல சுமார் பாதிதான் அசையும், அதனால ஒரு ஃப்யூச்சர் லாட் அளவுக்கு அசைவு வேணும்னா ரெண்டு லாட் எடுக்கணும், அப்பவும் 15 ரூபாதான். அங்க 360, இங்க 15! ஆர்டருக்கு 20 ரூபா புரோக்கரேஜ்னா வாங்கி விக்க 40, ஒரு லாட்டுக்கு வரி அதுல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல.

இது எப்பவும் இப்படி இல்ல. 2008 வரைக்கும் ஆப்ஷன விக்கறவங்க ஒப்பந்த விலையான ஸ்ட்ரைக்கும் பிரீமியமும் சேர்ந்த தொகைக்கு வரி கட்டணும், அந்த ஜூன்லேர்ந்துதான் பிரீமியத்துக்கு மட்டும்னு மாத்தினாங்க. அதுக்கப்புறம் கூட்டம் ஃப்யூச்சர்லேர்ந்து ஆப்ஷன் பக்கம் நகர்ந்துச்சு. அதுக்கு வரி மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், பின்னாடி வந்த, வாராவாரம் கான்ட்ராக்ட் முடியற வீக்லி எக்ஸ்பைரிக்கும் பெரிய பங்கு இருக்கு. ஆனா வரி சூதாட்டத்த நிறுத்தல, வரி கம்மியா இருக்கற வாசல் வழியா அனுப்பி வச்சுது. ஸ்வீடன்லயும் இதான் கத, 1984-ல வரி போட்டு 1986-ல அத டபுள் ஆக்கினாங்க, வியாபாரம் லண்டனுக்குக் கிளம்பிடுச்சு, 1991-ல வரியவே தூக்கிட்டாங்க.

தொகைய மாத்திப் போட்டா வரி கடிக்கும்ங்கறதுக்கும் இங்கயே சாட்சி இருக்கு. 2019 செப்டம்பருக்கு முன்னாடி ஸ்ட்ரைக்கத் தாண்டி மதிப்போட இருக்கற ஐடிஎம் ஆப்ஷன விக்காம எக்ஸ்பைரிக்கு விட்டா, கிடைச்ச லாபத்துக்கு இல்ல, மொத்த செட்டில்மென்ட் மதிப்புக்கும் 0.125%. 8,600 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் வச்சிருந்து நிஃப்டி 8,605-ல முடிஞ்சா, 75 யூனிட் இருக்கற ஒரு லாட்டுக்குக் கையில வர்றது 375 ரூபா, வரி ஏறக்குறைய 807! அதனால எக்ஸ்பைரி அன்னிக்கு மூணு மணிக்கு மேல அவனவன் வந்த வெலைக்குத் தள்ளிட்டு ஓடுவான்.

2022-லேர்ந்து 2024 வரைக்கும் மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ ஆடின தனிநபர்கள்ல 93% பேர் நஷ்டம்னு சந்தைய ஒழுங்குபடுத்தற செபியே கணக்கு சொல்லுச்சு. ஏழரை ரூபா வரி அவங்கள்ல யார நிறுத்தப் போகுது? நானே வரியப் பாத்து வெளிய வரல, பி அண்ட் எல் பாத்துத்தான் வந்தேன்.

ஒண்ணு மட்டும் எனக்குத் தெளிவா இல்ல. 2024 அக்டோபர்ல ரேட்ட ஏத்தினாங்க, நவம்பர் 20-ல செபி ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே வீக்லி எக்ஸ்பைரின்னு சொல்லி கான்ட்ராக்ட் சைஸையும் ஏத்திடுச்சு, நிஃப்டி லாட் 25-லேர்ந்து 75 ஆனதும் அப்பதான். அதுக்கப்புறம் வால்யூம் எறங்கினதுல வரிக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியல, என் சந்தேகம் லாட் சைஸ் மேலதான்.