கால் எடுத்த பிறகும் உறுமும் மோட்டார்: பழைய பவர் மெஷினோடு மூன்று வருஷம்

போன ஞாயிற்றுக்கிழமை தென்காசி மதினி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரப் படம் அனுப்பினாங்க. கொட்டாரக்கரை பக்கம் யாரோ பழைய பவர் தையல் மெஷின் விற்கிறார்களாம். கூடவே ஒரு வரி: "நீ அன்னைக்கு புனலூர்க்காரங்களுக்கு முதல்ல என்ன எழுதினியோ, அதையே எனக்கு அனுப்பு. நானும் அப்படியே போட்டுடறேன்."

என் மெஷினை நான் வாங்கியது அந்தப் புனலூர்க்காரங்ககிட்டதான். மேலே மேலே தள்ளிப் போய்ப் பார்த்தேன். அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது. மூன்று வருஷம் ஆகியும் அழிக்கவில்லை.

"வணக்கம் சேட்டா. பவர் மெஷின் இருக்கா? சிங்கிள் பேஸ்தானே? கடைசி விலை என்ன?"

இதை மதினிக்கு அனுப்ப மனசு வரவில்லை. இந்த நாலு வரியில் ஒரு கேள்வி என்னைக் காப்பாற்றியது. கேட்காமல் விட்ட ஒரு கேள்வி மூன்று வருஷமாகக் காதுக்குள் உறுமிக்கொண்டிருந்தது. போன மாதம் மெக்கானிக் வந்து போன பிறகுதான் அது நின்றது.

முதலில் அந்த 'சேட்டா'. படத்தில் ஒரு செம்பருத்திப் பூ, பெயருக்குப் பதில் கடைப் பெயர். ஆண் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். பதில் குரல் மெசேஜாக வந்தது, பெண் குரல். "மெஷின் உண்டு. சேட்டன் அல்ல, சேச்சியாணு, கேட்டோ" என்று சிரித்தார். எங்கள் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர், மலையாளம் எங்களுக்குப் புதுசில்லை. ஆனாலும் முகம் தெரியாத ஆளுக்கு வெறும் வணக்கம் போதும், முறை வைத்துக் கூப்பிடுவதைக் குரல் கேட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைக்குப் புரிந்தது.

'கடைசி விலை' கேள்விக்கு அன்று பதிலே வரவில்லை. மறுநாள் நானே தொடங்க வேண்டியிருந்தது. மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் விலையைக் குறைக்கச் சொல்கிற ஆளிடம் எதற்குப் பேசுவது என்று நினைத்ததாக, பழகிய பிறகு சேச்சியே சொன்னார்.

காப்பாற்றிய கேள்வி சிங்கிள் பேஸ். ரெடிமேட் யூனிட்டில் ஓடிய மெஷின்களில் சில மூணு பேஸ் மோட்டாரோடு வரும். என் கடையில் இருப்பது சாதாரண 230 வோல்ட் லைன். அதைக் கேட்கச் சொன்னது என் தம்பி. சேச்சியும் நேர்மையாகச் சொன்னார்: யூனிட்டை மூடியபோது நாலு மெஷின் இருந்தது, மூன்று மூணு பேஸ், ஒன்றுதான் சிங்கிள், விற்பனைக்குப் போட்டது அந்த ஒன்று.

கேட்காமல் விட்டது, மோட்டார் கிளட்ச்சா சர்வோவா என்பது.

பவர் மெஷினில் தைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளட்ச் மோட்டார் டேபிளுக்கு அடியில் தொங்கும் ஒரு பெரிய இரும்பு உருண்டை. சுவிட்சைப் போட்ட நிமிஷத்திலிருந்து அது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து, அந்தச் சுற்று பெல்ட் வழியாக மெஷினுக்குப் போகும். காலை எடுத்தால் ஊசி நிற்கும், மோட்டார் நிற்காது. சர்வோ அப்படியில்லை. மிதித்தால்தான் சுற்றும், விட்டால் அதுவும் நின்றுவிடும். எவ்வளவு வேகம் போதும் என்பதை அதன் பெட்டியில் நாமே எண் வைத்துக் கட்டலாம்.

எனக்கு வந்தது கிளட்ச். பிளவுஸ் தைக்கிறவளுக்குத் தெரியும், நாளில் பாதி நேரம் ஊசி ஓடாது. வெட்டுகிறோம், ஊக்கு கட்டுகிறோம், கஸ்டமர் வந்தால் அளவு எடுக்கிறோம். அத்தனை நேரமும் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். அளவு சொல்கிறவர் '34' என்பது எனக்கு '44' என்று கேட்டிருக்கிறது. அணைத்து அணைத்துப் போடலாமே என்றால், போட்டதும் முழு வேகம் பிடிக்க நேரம் எடுக்கும், விளக்கும் ஒரு தடவை மங்கும். நாளுக்கு நாற்பது தடவை யார் செய்வது? இன்னொன்று, கழுத்து வளைவில் பைப்பிங் வைக்கும்போது மெதுவாக நாலு தையல் போட வேண்டும். கால் கொஞ்சம் அழுந்தினால் பாய்ந்துவிடும். முதல் மாதம் இரண்டு கழுத்தைப் பிரித்துத் தைத்தேன்.

சரி, கரண்ட். எங்கள் எலக்ட்ரீஷியன் ஒரு நாள் பிளக்கில் மாட்டுகிற சின்ன மீட்டர் கொண்டுவந்தார். கால் வைக்காமல் சும்மா சுற்றும்போதே அது 200 வாட் பக்கம் காட்டியது. கடை எட்டு மணி நேரம். அதில் ஊசி ஓடுவது இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும், மிச்ச ஆறு மணி நேரம் சும்மா சுற்றியதற்கே ஒரு நாளைக்கு 1.2 யூனிட். மாதம் 25 நாள் கடை திறந்தால் 30 யூனிட், இரண்டு மாத பில்லில் 60. ஒரு தையல் கூட விழாத 60 யூனிட், அதுவும் கடை ரேட்டில்.

இதையெல்லாம் படித்துவிட்டு மெஷின் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். டேபிளுக்கு மேலே தைக்கிற ஹெட் தங்கம். மூன்று வருஷத்தில் தையல் விடவில்லை, பட்டிலும் சரி, ஜீன்ஸ் மடிப்பிலும் சரி. ஊசி மாற்றுவதும் ஆயில் பார்ப்பதும் தவிர நான் எதுவும் செய்யவில்லை. சேச்சி வைத்திருந்த விதம் அப்படி. அதனால்தான் இந்தக் கோபத்தை யார் மேலும் இறக்கி வைக்க முடியவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஆயில் என்றதும் இன்னொன்று. பவர் மெஷினுக்கு அடியில் ஒரு தட்டு, அதில் ஆயில் நிறைந்திருக்கும். தூக்கிக்கொண்டு போவதற்கு முன் அதை வடித்துவிட வேண்டும். எனக்கும் தோன்றவில்லை, சேச்சிக்கும் தோன்றவில்லை. புனலூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆரியங்காவு தாண்டி வளைவில் வண்டி சாய்ந்து சாய்ந்து இறங்க, வீடு வந்து பார்த்தால் ஆயில் முழுவதும் வண்டியின் பலகையில். வண்டிக்காரர் கழுவுகிற காசையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

போன மாதம் கிளட்ச் லைனிங் தேய்ந்து, மிதித்தாலும் தடித்த துணியில் ஊசி திணறியது. மெக்கானிக் லைனிங் மாற்றினார். மாற்றிக்கொண்டே, "இதுக்கு செலவு பண்றதுக்கு சர்வோ போட்டுருங்களேன்" என்றார். போட்டேன். அதே மூன்று போல்ட் துளை பொருந்தியது, பெல்ட் மட்டும் வேறு நீளம். கடைக்குள் முதல் தடவையாக எதிர்க்கடை ரேடியோ கேட்டது. பைப்பிங்குக்கு வேகத்தைக் குறைத்துக் கட்டி வைத்துவிட்டேன், பொறுமையாக நடக்கிறது. மூன்று வருஷம் ஏன் இதைச் செய்யவில்லை என்று என் மேலேயே எரிச்சல்.

மதினிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

"வணக்கம். நீங்க போட்டிருக்கிற பவர் மெஷின் இன்னும் இருக்குதா? சிங்கிள் பேஸ்தானா? இருந்தா ஒரு வீடியோ வேணும். சுவிட்ச் போட்டு, பெடல்ல கால் வைக்காம பத்து வினாடி. அப்புறம் தைச்சுக்கிட்டே, மேல உள்ள ஆயில் கண்ணாடி தெரியுற மாதிரி பத்து வினாடி. டேபிளுக்கு அடியில மோட்டார் ஃபோட்டோ ஒண்ணு. நான் தென்காசி. ஞாயிற்றுக்கிழமை வண்டியோட வர முடியும்."

முதல் பத்து வினாடியில் உறுமல் கேட்டால் கிளட்ச், அமைதியாக இருந்தால் சர்வோ. 'கிளட்ச்சா சர்வோவா' என்று கேட்டால், தைத்தே பழகாத விற்பனையாளர் தெரியாது என்பார், அல்லது எதையாவது சொல்வார். வீடியோவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இரண்டாவது பத்து வினாடியில், ஓடும்போது அந்தக் குமிழ்க் கண்ணாடிக்குள் ஆயில் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் தட்டில் ஆயில் இல்லை, அல்லது பம்ப் இழுக்கவில்லை. இரண்டும் ஹெட்டைத் தின்கிற வியாதி. ஊரும் நாளும் சொல்வது, நாம் சும்மா கேட்டுப் பார்க்கிற ஆள் இல்லை என்று காட்ட. விலையை இரண்டாவது மெசேஜுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆயிலை வடித்து வைக்கச் சொல்வது கிளம்புகிற அன்று காலையில்.

கடைசியில் மதினி கேட்டாங்க, "சரி, பழசு வாங்கலாமா வேண்டாமா?" அவ்வளவு புகழ்ந்துவிட்டு, "வேண்டாம் மதினி, புதுசா சர்வோவோட வாங்குங்க" என்றுதான் வாயில் வந்தது. அன்று காலைதான் கரண்ட் பில் கட்டியிருந்தேன். வேறு நாளில் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

கழற்றிய கிளட்ச் மோட்டார் மூலையில் கிடந்தது. அதை நானே விற்பனைக்குப் போட்டேன். இரண்டு நாளில் ஆறு 'ஹாய்' வந்தது. நானும் 'ஹாய்' போட்டேன். ஆறில் ஒன்று கூட அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் எடுத்தவுடன் 'லாஸ்ட் பிரைஸ்'. அவர்களுக்கு நான் பதில் போடவில்லை. சேச்சி அன்று செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

நேற்று மாலை ஒன்று வந்தது. "வணக்கம் அக்கா. மோட்டார் இருக்குதா? லைனிங் எப்ப மாத்தினீங்க? கரண்ட் கொடுத்து ஓடுற வீடியோ பத்து வினாடி அனுப்ப முடியுமா? நான் புளியரை, நாளைக்கு வரலாம்."

லைனிங் போன மாதம் மாற்றியது, சும்மா நின்றாலும் கரண்ட் தின்னும், சத்தம் உண்டு என்று எழுதினேன். மோட்டாரை நடுவில் இழுத்துவைத்து பிளக்கில் சொருகினேன். பத்து வினாடிதான் கேட்டிருந்தார். உறுமல் முழுசாகக் கேட்கட்டும் என்று முப்பது வினாடி எடுத்து அனுப்பினேன்.

"பரவால்ல அக்கா, என்கிட்ட ஏற்கனவே ரெண்டு உறுமுது. காலைல வரேன்" என்று பதில் வந்தது.