தொய்வை அளந்து மீடிறன் காணும் முறை: ஆலைகளில் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளில் காற்று விசிறிகளைத் தரையில் வைக்க இடம் கிடைப்பது அபூர்வம். இரு சுவர்களுக்கிடையே ஒரு இரும்பு பீமைப் போட்டு, அதன் நடுவில் மோட்டாரோடு சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். அந்த பீம் எந்த வேகத்தில் ஆடத் துடிக்கும் என்பதை அறிய நான் நம்பியிருப்பது ஒரு டயல் கேஜையும் ஒரு வரிச் சூத்திரத்தையும்தான். எந்திரத்தின் பாரத்தால் பீமின் நடுப்பகுதி எத்தனை மில்லிமீற்றர் தாழ்கிறது என்று பார்த்து, 946ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு என்று விடை வரும்.

வேலை எளிது, ஆனால் அளவெடுப்பதில் அவசரம் கூடாது. கேஜின் தாங்கியைத் தரையிலிருந்து எழுப்பிய தனிக் கம்பத்தில் பொருத்த வேண்டும். பீமிலேயே பொருத்தினால் அதுவும் சேர்ந்து இறங்கிவிடும். செயின் பிளாக்கில் எந்திரத்தை ஒருமுறை இறக்கித் தூக்கிய பிறகே முள்ளைப் பூச்சியத்தில் வைப்பேன். முதல் இறக்கத்தில் பீமின் முனைகள் சுவரில் அமர்வதும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதே காரணம். இரண்டாவது முறை தூக்கியும் முள் பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால் அந்த அளவைக் கிழித்துப் போடலாம்.

சம்மாந்துறையில் ஓர் ஆலையில் 200 கிலோ எடையுள்ள விசிறித் தொகுதி, 3.4 மீற்றர் நீள பீமின் நடுவில் நின்றது. தொய்வு 0.36 மி.மீ. அதன் வர்க்கமூலம் 0.6, விடை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1577. மோட்டார் ஓடுவது 1440இல். "பிறகென்ன தம்பி, பத்து வீதம் இடைவெளி இருக்கிறதே" என்றார் ஹாஜியார். ஆனால் ஓடும்போது பீமின் மேல் வைத்த ஸ்பேனர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது.

இந்த முறையின் பலவீனம் இங்கேதான். பீமுக்கும் திணிவு உண்டு. இரு முனையிலும் சும்மா தாங்கப்பட்ட பீமானால், அதன் திணிவில் ஏறத்தாழ பாதி (சரியாகச் சொன்னால் 17/35 பங்கு) நடுவில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். அந்த பீம் 86 கிலோ. ஆக ஆடும் திணிவு 200 அல்ல, 242 கிலோ. 200/242இன் வர்க்கமூலமாகிய 0.91ஆல் பெருக்கினால் 1577 என்பது 1435 ஆகிறது. மோட்டாரின் வேகத்தோடு பரிவு! மோட்டாரை நிறுத்தி பீமை மரச்சுத்தியலால் தட்டி, கைபேசியின் அதிர்வுமானியில் பார்த்தபோதும் விநாடிக்கு 24ஐ ஒட்டியே வந்தது.

முனைகளில் சாய்வுத் தாங்கி வெல்டிங் செய்து தாங்கும் நீளத்தை 2.8 மீற்றராகக் குறைத்தோம். விறைப்பு நீளத்தின் மும்மடியோடு மாறுவதால் தொய்வு 0.2 மி.மீ. ஆயிற்று; திருத்திய கணக்கு 1950ஐ நெருங்கியது. ஸ்பேனர் வைத்த இடத்திலேயே கிடந்தது.

இறப்பர் மெத்தை வைத்த எந்திரங்களுக்கு மட்டும் இதை நான் பயன்படுத்துவதில்லை. நிலையான பாரத்தில் நன்றாக அமுங்கும் இறப்பர், அதிரும்போது அதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். தொய்விலிருந்து கணித்த மீடிறன் உண்மையைவிடக் குறைவாகவே வரும்.